இரும்புக் குண்டு பிளாஸ்டிக் பந்து மாதிரித் துள்ளுகிறது, கிராஃப் எடிட்டரில் எதை மாற்றுவது?

இரணைமடு_அலை
வணக்கம். நான் படித்த பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு சின்ன அழைப்பு வீடியோ செய்து கொடுக்கிறேன். குண்டு போடுதலில் பாவிக்கும் இரும்புக் குண்டு ஒன்று ஒரு பலகையின் விளிம்பிலிருந்து உருண்டு விழ வேண்டும். 2 மீற்றர் கீழே சீமெந்துத் தரை. அதில் விழுந்து, துள்ளி, உருண்டு போய் இல்லங்களின் கொடிகளுக்கு முன்னால் நிற்க வேண்டும். பிளெண்டரில் செய்கிறேன், 25 பிரேம் வேகம்.

மொடல், இரும்பு நிறம், நிழல் எல்லாம் சரியாக வந்துவிட்டது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் பந்து. தம்பி பார்த்துவிட்டுச் சிரிக்கிறான்.

Z வளைகோட்டில் நான் போட்ட கீக்கள்: 1இல் 2 மீற்றர், 20இல் தரை, 35இல் 1 மீற்றர், 50இல் தரை, 62இல் அரை மீற்றர், 74இல் தரை, 84இல் கால் மீற்றர், 94இல் தரை. ஒவ்வொரு துள்ளலும் முந்தியதில் பாதி என்று கணக்கு வைத்துத்தான் போட்டேன். கீக்களின் வகையை மாற்றவில்லை, பிளெண்டர் தந்தபடியே விட்டிருக்கிறேன்.

முறிகண்டி_றைடர்
தங்கச்சி, விசயம் சிம்பிள். பாரமான சாமான் வேகமாக விழும். நீங்கள் 19 பிரேம் கொடுத்திருக்கிறீர்கள். அதை 8 ஆக்குங்கள், படாரென்று விழும். துள்ளலை ஒன்றோடு நிறுத்துங்கள். நான் கல்யாண வீடியோக்களுக்குப் பெயர் விழுகிற டைட்டில் எல்லாம் இப்படித்தான் செய்கிறேன்.

ஒட்டுசுட்டான்_ஒளி
எனக்கும் இதே பிரச்சினை. நான் கீ போடாமல் `Rigid Body` கொடுத்தேன். `Mass` இல் 1 இருந்தது, 7.26 ஆக்கினேன், பிறகு 50 கூடக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை, அச்சு அசலாக அதே மாதிரி விழுகிறது. என்னுடைய பிளெண்டரில் ஏதோ கோளாறு போல. மீண்டும் இன்ஸ்டோல் செய்ய வேண்டுமா?

பனங்காய்_பணியாரம்
ஒளி, உங்கள் பிளெண்டரில் கோளாறு இல்லை. அது சரியாகச் செய்வதால்தான் வித்தியாசம் தெரியவில்லை. காற்றின் தடை பெரிதாக இல்லாவிட்டால் 1 கிலோவும் 50 கிலோவும் ஒரே நேரத்தில்தான் தரைக்கு வரும். அசையாத தரையில் மோதித் திரும்பும் வேகத்தையும் நிறை மாற்றாது. `Mass` ஐ மாற்றினால் தெரிய வேண்டுமென்றால் குண்டு இன்னொரு அசையும் பொருளில் மோத வேண்டும். துள்ளலைத் தீர்மானிப்பது `Bounciness`. அதைக் குண்டுக்கும் தரைக்கும் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும், ஒன்றில் பூச்சியம் இருந்தால் துள்ளாது.

றைடர் சொன்னதில் பாதி சரி. துள்ளலைக் குறைப்பது சரி. 8 பிரேமில் விழ வைப்பது சரியில்லை. 2 மீற்றரிலிருந்து எது விழுந்தாலும் கிட்டத்தட்ட 0.64 செக்கன், 25 பிரேம் வேகத்தில் 16 பிரேம். அதை 8 ஆக்கினால் பார்ப்பவர் கண்ணுக்குப் பாரம் கூடாது, உயரம்தான் குறையும். அரை மீற்றரிலிருந்து விழுந்த சின்னச் சாமான் என்று மூளை கணக்குப் போட்டுவிடும்.

இனி அலையின் கீக்களுக்கு வருவோம். உங்கள் கணக்கில் உயரம் பாதி பாதியாகக் குறைகிறது. ஆனால் நேரம் அதற்கு ஏற்றபடி குறையவில்லை. விழுகிற உயரத்துக்கும் பிரேமுக்கும் உள்ள தொடர்பு இதுதான், n என்பது மேலிருந்து தரை வரை எடுக்கும் பிரேம்:

```
h = 4.9 * (n / 25) ** 2
```

இதை வைத்து உங்கள் வளைகோட்டைத் திருப்பிக் கணக்கிட்டுப் பார்த்தேன். பூமியின் ஈர்ப்பு 9.8 என்றால், உங்கள் குண்டு முதல் விழுகையில் 6.9இல் விழுகிறது. முதல் துள்ளலில் 5.6. அடுத்ததில் 4.3. கடைசித் துள்ளலில் 3.1, அது செவ்வாய்க் கிரகத்தின் ஈர்ப்பை விடக் குறைவு. போகப் போக ஈர்ப்பு குறைந்துகொண்டே போகிற ஓர் உலகத்தில் உங்கள் குண்டு துள்ளுகிறது. தம்பி சிரித்ததில் நியாயம் இருக்கிறது.

இரணைமடு_அலை
அண்ணை, அப்படியென்றால் பிழை ஈசிங்கில் இல்லையா? நான் இரண்டு நாளாக ஹாண்டில்களைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

பனங்காய்_பணியாரம்
ஈசிங்கிலும் பிழை இருக்கிறது. ஆனால் முதலில் கீக்களின் இடம், பிறகுதான் ஹாண்டில். இடம் பிழைத்திருந்தால் ஹாண்டிலை எவ்வளவு இழுத்தாலும் சரிவராது.

ஒரு துள்ளலின் நேரம் முந்தியதில் பாதி ஆனால் உயரம் கால்வாசி ஆகும். நேரம் மூன்றில் ஒன்று என்றால் உயரம் ஒன்பதில் ஒன்று. எந்தப் பந்தானாலும் இந்த உறவு மாறாது, பந்துக்குப் பந்து மாறுவது அந்த விகிதம் மட்டும்தான். ஆகவே உயரத்தை முதலில் யோசிக்காதீர்கள். பிரேமை முடிவு செய்யுங்கள், உயரத்தைச் சூத்திரம் தரும்.

நேரம் பாதி பாதியாகக் குறையும் பந்து இப்படி வரும்: 1இல் 2 மீற்றர், 17இல் தரை, 25இல் 50 செ.மீ., 33இல் தரை, 37இல் 12.5 செ.மீ., 41இல் தரை, 43இல் 3 செ.மீ., 45இல் தரை. முழுக்கச் சரியான இயற்பியல். ஆனாலும் இது இரும்பு மாதிரித் தெரியாது, கொஞ்சம் இறுக்கமான ரப்பர் பந்து மாதிரித்தான் இருக்கும். உங்களுக்கு விகிதம் 0.3 அளவில் வேண்டும்.

0.3இல்: 1இல் 2 மீற்றர், 17இல் தரை, 22இல் 20 செ.மீ., 27இல் தரை. அடுத்த துள்ளலுக்கு மூன்று பிரேம்தான் கிடைக்கும். உச்சி 28க்கும் 29க்கும் நடுவில் வரும். அங்கே வளைவைப் பற்றிக் கவலைப்படாமல் 28, 29 இரண்டிலும் 1.6 செ.மீ. என்று கீ போட்டு, 30இல் தரையில் முடித்துவிடுங்கள். கண்ணுக்கு அது ஒரு சின்ன அதிர்வாகத் தெரியும். அதை விட்டுவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் குண்டு தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

இந்த அளவுகள் எல்லாம் குண்டின் அடிப்பக்கத்துக்கு. குண்டின் ஆரம் 6 செ.மீ. என்றால் Z இல் எல்லாவற்றுக்கும் 0.06 கூட்டுங்கள், இல்லாவிட்டால் பாதிக் குண்டு சீமெந்துக்குள் போய்விடும்.

முறிகண்டி_றைடர்
இவ்வளவு கணக்கு எதற்கு? `T` அழுத்தினால் `Bounce` என்று ஒன்று வருகிறதே. இரண்டு கீ போட்டு அதைத் தட்டினால் அதுவே துள்ளிக் காட்டும்.

பனங்காய்_பணியாரம்
காட்டும். ஆனால் அதற்குள் இருப்பது நான் மேலே சொன்ன பாதி பாதிக் கணக்கேதான். றொபேர்ட் பென்னரின் ஈசிங் சமன்பாடுகளிலிருந்து வந்தது அது. முதல் விழுகையை 1 என்று வைத்தால் முதல் துள்ளல் 1, அடுத்தது 0.5, அடுத்தது 0.25, மொத்தம் 2.75. நீங்கள் 1இலும் 45இலும் கீ போட்டு `Bounce` கொடுத்தால் நான் எழுதிய ரப்பர் பந்தின் கீக்கள் அப்படியே வரும், 16 தர 2.75 சரியாக 44. அந்த விகிதத்தை மாற்ற அங்கே ஒரு பெட்டியும் இல்லை. இரும்பானாலும் இறப்பரானாலும் ஒரே துள்ளல்தான். டைட்டில் விழுவதற்கு அது போதும். குண்டுக்குப் போதாது.

மாங்குளம்_மொபைல்
என்னிடம் கொம்பியூட்டர் இல்லை, போனில் அலைட் மோஷன்தான். அதிலும் ஈசிங் வளைகோடு இருக்கிறது. பந்து நசுங்கிறதை எப்படிச் செய்வது என்று யாராவது சொல்லுங்கள். நசுக்கினால்தான் பாரம் தெரியும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

பனங்காய்_பணியாரம்
மொபைல், நசுக்கல் மென்மையைத்தான் காட்டும். தண்ணீர் நிரப்பிய பலூன் பாரமானது, அது நசுங்கலாம். இரும்புக் குண்டு நசுங்கினால் முடிந்தது கதை. அலையின் வேலையில் அளவு மாற்றத்துக்கு ஒரு கீயும் வேண்டாம்.

சரி, இப்போது ஹாண்டில். அலை, உங்கள் வளைகோட்டைத் திறந்து தரையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அங்கே அடிப்பக்கம் வட்டமாக வளைந்திருக்கும். பிளெண்டர் தானாகத் தரும் `Auto Clamped` ஹாண்டில் ஒவ்வொரு உச்சியையும் பள்ளத்தையும் மட்டமாக்கிவிடும். மேலே அது சரி, உச்சியில் குண்டு ஒரு கணம் நிற்கத்தான் வேண்டும். தரையில் அதுதான் பிழை. தரையை நெருங்க நெருங்க வேகம் குறைவதால் தலையணையில் விழுவது போல இருக்கும். தரைக் கீயில் ஒரு கூர்மை வேண்டும். குண்டு உச்ச வேகத்தில் வந்து மோத வேண்டும், அடுத்த பிரேமில் வேறு வேகத்தில் கிளம்ப வேண்டும்.

குறுக்கு வழி: மேலேயிருக்கும் கீயைத் தெரிவு செய்து `T`, `Quadratic`, பிறகு `Ctrl+E`, `Ease In`. தரைக் கீயைத் தெரிவு செய்து `Quadratic`, `Ease Out`. ஒரு கீக்குக் கொடுப்பது அதற்கு வலப்பக்கத் துண்டுக்குத்தான் போகும் என்பதை நினைவில் வைத்திருங்கள். `Quadratic` என்பது சுயாதீனமாக விழும் பொருளின் வளைவேதான், தோராயம் இல்லை. `Cubic`, `Quartic` என்று கீழே இறங்கினால் அது ஈர்ப்பு இல்லை, உச்சியில் தொங்கிவிட்டுத் திடீரென்று விழும் கார்ட்டூன்.

மேலே போகும் துண்டுக்கு `Ease Out` கொடுக்க மறந்தால் உச்சியில் ஒரு முள் மாதிரிக் கூர்மை தெரியும். தரை கூர்மை, உச்சி வட்டம். தலைகீழாக இருந்தால் ஈசிங் மாறிவிட்டது என்று அர்த்தம்.

கையால் இழுக்க விரும்பினால் பெசியேயிலும் அதே வளைவைத் துல்லியமாகக் கொண்டு வரலாம். கீக்களில் `V` அழுத்தி `Free` ஆக்குங்கள். உச்சியின் ஹாண்டில் மட்டமாக, துண்டின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. தரையின் ஹாண்டில் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு, மேல்நோக்கி உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. உங்கள் முதல் விழுகையில், 0.06ஐ மறந்துவிட்டுச் சொன்னால், தரை ஹாண்டிலின் நுனி 11.67 பிரேமில் 1.33 மீற்றரில் இருக்கும். இதன் நன்மை, பிறகு ஒரு சொட்டு மாற்ற வேண்டுமென்றால் மாற்றலாம். `Quadratic` இல் இழுக்க ஹாண்டிலே இருக்காது.

இரணைமடு_அலை
செய்து பார்த்தேன் அண்ணை. வித்தியாசம் பயங்கரம். 17இல் விழும்போது எனக்கே திடுக்கென்றது. ஆனால் தரையில் உருளத் தொடங்கும் இடத்தில் ஏதோ இடறுகிறது. யாரோ பின்னால் தள்ளிவிட்டது போல ஒரு சின்ன உந்தல்.

X இல் மூன்று கீ: 1இல் 0, 30இல் 90 செ.மீ., 80இல் 2.5 மீற்றர். கடைசித் துண்டு `Ease Out`.

பனங்காய்_பணியாரம்
காரணம் உங்கள் எண்களிலேயே இருக்கிறது. முதல் 29 பிரேமில் 90 செ.மீ., அதாவது பிரேமுக்கு 3 செ.மீ. அடுத்த 50 பிரேமில் 160 செ.மீ. கொடுத்திருக்கிறீர்கள். `Quadratic Ease Out` தொடக்கத்தில் சராசரியை விட இரண்டு மடங்கு வேகத்தில் கிளம்பும். சராசரி 3.2, ஆகவே கிளம்பும் வேகம் பிரேமுக்கு 6.4 செ.மீ. காற்றில் வந்ததை விட இரண்டு மடங்குக்கு மேல். தரையில் பட்ட குண்டு வேகம் கூடுமா?

காற்றில் இருக்கும்போது X நேர்கோடுதான், அங்கே ஈசிங் எதுவும் வேண்டாம். தரையில் படும் ஒவ்வொரு முறையும் சாய்வு கொஞ்சம் குறையும். என் கையில் என்றால் இப்படிப் போடுவேன்: 1இலிருந்து 17 வரை பிரேமுக்கு 4 செ.மீ., அது 64 செ.மீ. 17இலிருந்து 27 வரை 2.8, இன்னும் 28 செ.மீ. 27இலிருந்து 30 வரை 2.6, கிட்டத்தட்ட 8 செ.மீ. இப்போது குண்டு 1 மீற்றரில் நிற்கிறது. உருளும் தூரத்தை நீங்களாக முடிவு செய்யக் கூடாது. 2.6ஐ 50 பிரேமால் பெருக்கி இரண்டால் வகுங்கள், 65 செ.மீ. அவ்வளவுதான் 50 பிரேமில் உருளலாம். கூடத் தூரம் வேண்டுமென்றால் பிரேமைக் கூட்டுங்கள். அல்லது கொடிகளைக் கிட்டக் கொண்டு வாருங்கள், அது இன்னும் லேசு.

சுழற்சியும் இதோடு பொருந்த வேண்டும். 6 செ.மீ. ஆரத்துக்குச் சுற்றளவு 37.7. 65 செ.மீ. உருண்டால் ஏறத்தாழ 620 பாகை, X துண்டின் அதே ஈசிங்கோடு. காற்றில் பலகையிலிருந்து வந்த மெதுவான சுழற்சி மட்டும், அதுவும் நேர்கோடு. இரும்புக் குண்டில் கோடுகளோ கீறலோ இல்லாவிட்டால் சுழற்சி யாருக்கும் தெரியாது. ஒரு கீறல் வரைந்து விடுங்கள்.

புதுக்குடியிருப்பு_ரீச்சர்
நான் விஞ்ஞானம் படிப்பிப்பவள், அனிமேஷன் தெரியாது. ஒரு சந்தேகம். பாரமானது குறைவாகத் துள்ளும் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். உருக்குக் குண்டுமணி ஒன்றை உருக்குத் தகட்டில் போட்டுப் பாருங்கள், அழகாகத் துள்ளும். துள்ளலைத் தீர்மானிப்பது இரண்டு பொருட்களும் எவ்வளவு சக்தியை விழுங்குகின்றன என்பதுதான். பாரம் என்பதோடு நேரடித் தொடர்பு இல்லை. 0.3 என்ற எண் எங்கிருந்து வந்தது?

அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. போனில் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். மோதல் ஒவ்வொன்றும் ஒலி அலையில் ஒரு கூர்முனையாகத் தெரியும். முதல் மோதலுக்கும் இரண்டாவதுக்கும் இடைப்பட்ட நேரம், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடைப்பட்ட நேரம். பின்னதை முன்னதால் வகுத்தால் அந்த விகிதம் வந்துவிடும். உயரமே அளக்கத் தேவையில்லை. எங்கள் பாடசாலைக் குண்டை மைதானத்தில் போட்டுப் பதிவு செய்தேன். செம்மண்ணில் ஒரேயொரு "டொம்", இரண்டாவது சத்தமே இல்லை. சீமெந்துத் தரையில் போட அதிபர் விடவில்லை.

பனங்காய்_பணியாரம்
ரீச்சர் சொல்வது சரி. 0.3 அளந்த எண் இல்லை, என் கண்ணின் எண். அசல் சீமெந்தில் அசல் குண்டு இதைவிடக் கூடத் துள்ளலாம். ஆனால் பார்ப்பவர்கள் குண்டைப் பார்த்திருப்பது பெரும்பாலும் மைதானத்தில்தான், மண்ணில் புதைவதைத்தான். அதிகம் துள்ளினால் உண்மையாக இருந்தாலும் நம்ப மாட்டார்கள். சத்த யோசனை அருமை, நான் இனிப் பாவிப்பேன்.

புதுக்குடியிருப்பு_ரீச்சர்
அப்படியென்றால் ஈர்ப்பை மட்டும் உண்மையாக வைத்துத் துள்ளலை நம்பிக்கைக்கு ஏற்ப மாற்றுகிறீர்கள். எனக்கு முழுதாக உடன்பாடில்லை, ஆனாலும் விளங்குகிறது. ஏன் தரையையே செம்மண்ணாக்கக் கூடாது? அப்போது துள்ளலே வேண்டாம், ஒரு பள்ளமும் கொஞ்சம் புழுதியும் போதும்.

இரணைமடு_அலை
ரீச்சர், மண்ணில் புதைந்தால் கொடிகள் வரை உருளாதே! கதையே அதுதான்.

முறிகண்டி_றைடர்
நான் இன்னும் விடவில்லை. அண்ணை சொன்னபடி 16 பிரேமில் ஒன்று, 13இல் ஒன்று இரண்டும் செய்து என் கடையில் வந்தவர்களுக்குக் காட்டினேன். 13தான் பாரம் என்று பலர் சொன்னார்கள்.

பனங்காய்_பணியாரம்
கமரா எவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள்? பக்கத்தில் அளவைக் காட்டும் சாமான் ஏதாவது இருந்ததா?

முறிகண்டி_றைடர்
வெறும் சாம்பல் தரை. பிளெண்டரின் உருண்டையை அப்படியே போட்டேன், அளவு மாற்றவில்லை.

பனங்காய்_பணியாரம்
அப்போது உங்கள் குண்டின் ஆரமே 1 மீற்றர், ஒரு கிணற்றின் அகலத்துக்குக் கிட்ட. பக்கத்தில் மேசை, கொடி எதுவும் இல்லாததால் பார்த்தவர்களுக்கு அது ஒரு மாபிளாகவும் இருக்கலாம், பாறையாகவும் இருக்கலாம். பாறை என்று காட்ட வேண்டுமென்றால் மெதுவாகத்தான் விழ வேண்டும், 20 மீற்றர் உயரத்துக்கு 50 பிரேம் கிட்ட வரும். கொடிகளையும் பலகையையும் வைத்து மறுபடி காட்டுங்கள். அதற்குப் பிறகும் 13 என்று சொன்னால் நானும் யோசிக்கிறேன். இரண்டு மூன்று பிரேம் திருடுவது இந்தத் தொழிலில் இல்லாத பழக்கம் இல்லை.

இரணைமடு_அலை
அண்ணை, உருள்வது இப்போது சரி, கொடிகளைக் கிட்ட வைத்துவிட்டேன். ரீச்சர் அனுப்பிய "டொம்" சத்தத்தை 17இல் வைத்தேன், ஆனால் சத்தம் பிந்தி வருவது போல இருக்கிறது.

புதுக்குடியிருப்பு_ரீச்சர்
பதிவின் தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் இருக்கும் பிள்ளை, அதை வெட்டாமல் அனுப்பிவிட்டேன். கூர்முனை தொடங்கும் இடத்தை 17க்கு இழுங்கள். இன்னொன்று, அது மண்ணில் பதிந்த சத்தம். சீமெந்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

மாங்குளம்_மொபைல்
அலைட் மோஷனில் மேலே கீழே போவதையும் பக்கவாட்டில் போவதையும் தனித்தனி வளைகோடாக வைக்க முடியவில்லை. ஒன்றைக் கூர்மையாக்கினால் மற்றதும் இடறுகிறது. யாருக்காவது வழி தெரியுமா?

ஒட்டுசுட்டான்_ஒளி
பந்தை ஒரு குறூப்புக்குள் போடுங்கள். பந்துக்கு மேல் கீழ் மட்டும், குறூப்புக்குப் பக்கவாட்டு மட்டும். எனக்கு அப்படித்தான் சரிவந்தது. என் `Rigid Body` குண்டும் இப்போது துள்ளுகிறது, தரையின் `Bounciness` பூச்சியத்தில்தான் இருந்திருக்கிறது.